நியோப்ரீனா, ஸ்கூபா நிட்டா? முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு துவையுங்கள்

"நியோப்ரீன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, நடுவில் நுரை ரப்பரை வைத்து மேலும் கீழும் மெல்லிய துணி ஒட்டிய தடித்த தகடு. கடலில் இறங்குகிறவர்கள் போடும் வெட்சூட், முழங்கால் பட்டை, லேப்டாப் உறை எல்லாம் இதில்தான் தைக்கப்படுகின்றன. இன்னொன்றில் ரப்பரே கிடையாது. பாலியஸ்டர் நூலோடு கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் சேர்த்து நெருக்கமாகப் பின்னிய துணி அது. ஸ்கூபா நிட் என்பார்கள். குடை மாதிரி விரிந்து நிற்கும் பாவாடைகளும் உடலோடு ஒட்டி நிற்கும் கவுன்களும் இதில் வரும்.

தொட்டுப் பார்த்தால் இரண்டும் மெத்தென்றும் வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் ஸ்கூபா நிட்டை வாஷிங் மெஷினில் தாராளமாகப் போடலாம். நியோப்ரீனைப் போட்டால் சில தடவையிலேயே ஒட்டு விட்டுப்போகும், மடிப்புத் தடம் விழும். அதனால் சோப்பை எடுப்பதற்கு முன்னால் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது

நியோப்ரீன் என்பது பாலிகுளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில், வாலஸ் கரோதர்ஸின் குழுவில் இருந்த ஆர்னால்ட் காலின்ஸ் இதை முதலில் உருவாக்கினார். துணியாக நம் கைக்கு வருவது அந்த ரப்பரின் நுரை வடிவம். ரப்பர் கலவையைச் சூடாக்கும்போது அதில் கலந்திருக்கும் ஒரு வேதிப்பொருள் வாயுவை வெளியிடும். அந்த வாயு ரப்பருக்குள்ளேயே லட்சக்கணக்கான நுண்குமிழிகளாக அடைபட்டுப்போகும். இப்படிக் கிடைக்கும் கனமான கட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒரு பக்கமோ இரு பக்கமுமோ நைலான் அல்லது பாலியஸ்டர் ஜெர்சி துணியை ஒட்டுவார்கள். வெட்சூட்டுகளில் இதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 7 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு குமிழியும் தனியாக மூடப்பட்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி இல்லை. எனவே நுரைக்குள் தண்ணீர் புகாது, காற்றும் தாண்டிப் போகாது. ஈரமெல்லாம் மேலே ஒட்டிய துணியிலும் தையல் இடுக்குகளிலும்தான் தங்கும்.

ஸ்கூபா நிட்டின் கதை முழுக்க நூல் வளையங்களின் கதை. இரண்டு வரிசை ஊசிகள் உள்ள வட்டப் பின்னல் இயந்திரத்தில், இரண்டு பின்னல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி பின்னுகிறார்கள். அதனால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். வெட்டிய ஓரம் சுருளாது, நூல் பிரிந்து வராது. ஓரம் மடிக்காமலேயே விட்டுவிடும் வடிவமைப்பாளர்கள் உண்டு. தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர்தான். துணி விறைப்பாக நிற்பதற்குக் காரணம் பின்னலின் நெருக்கம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது ஆளும் உண்டு. இரண்டு ஜெர்சித் துணிகளுக்கு நடுவே சாதாரண பாலியூரித்தேன் பஞ்சு ஒட்டியது. சில பைகளிலும் மலிவான ஜாக்கெட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். இதன் குமிழிகள் திறந்தவை. தண்ணீரை நன்றாகக் குடிக்கும், காய நேரமெடுக்கும், வருடங்கள் போனால் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும்.

கையில் இருப்பது எது?

உள்பக்கம் இருக்கும் லேபிளை முதலில் படியுங்கள். கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும், பாலியஸ்டர் இத்தனை சதவீதம், ஸ்பாண்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன் இத்தனை சதவீதம் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஸ்கூபா நிட். குளோரோப்ரீன், நியோப்ரீன் அல்லது ரப்பர் என்று சேர்ந்திருந்தால் அது நுரைத் தகடு.

லேபிளை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றால் உள்பக்கத் தையல் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு பட்டை, பெரும்பாலும் கறுப்பாக, தெரிந்தால் அது நுரை. நூல் மட்டும் தெரிந்தால் பின்னல். விளிம்பு வெளியே தெரியாதபடி தைத்திருந்தால் துணியை உதட்டோடு அழுத்தி ஊதிப் பாருங்கள். ஸ்கூபா நிட்டில் சற்று தடுத்தாலும் காற்று மறுபக்கம் வரும். உள்ளங்கையை வைத்தால் உணரலாம். நியோப்ரீனில் சுத்தமாக வராது. தையல் ஓட்டை இல்லாத இடத்தில் ஊத வேண்டும், அவ்வளவுதான்.

துண்டுத் துணி கையில் இருந்தால் இன்னும் எளிது. ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அதை அமுக்கி, உள்ளேயே வைத்து நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். விட்டதும் விருட்டென்று மேலே வந்தால் நியோப்ரீன். ஸ்கூபா நிட் மெல்ல அடியில் போய்ப் படுக்கும், ஏனென்றால் பாலியஸ்டர் தண்ணீரைவிடக் கனமானது. பஞ்சு வைத்த துணியானால் வெளியே எடுத்து அழுத்தும்போது தண்ணீர் கொட்டும்.

இழுவை

ஸ்கூபா நிட்டின் இழுவையை அளக்க, துணியின் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு இரண்டு ஊசிக் குறி வையுங்கள். ஒரு குறியை அளவுகோலின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டு, மற்றதைத் துணி மெல்லத் தடுக்கும் வரை இழுங்கள். 13 வரை வந்தால் 30 சதவீத இழுவை. அகலவாக்கில் ஒரு முறை, நீளவாக்கில் ஒரு முறை பாருங்கள்; இரண்டும் ஒன்றாக இருக்காது, பெரும்பாலும் அகலவாக்கில்தான் அதிகம். தைக்கிறவர்கள் அதிகம் இழுபடும் பக்கம் உடலைச் சுற்றி வரும்படி துணியைப் போட வேண்டும்.

எவ்வளவு இழுபடுகிறது என்பதைவிட எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே எனக்கு முக்கியம். இழுத்த நிலையில் அரை நிமிடம் பிடித்து விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து 10 சென்டிமீட்டருக்கு மிக அருகில் வந்துவிட்டால் நல்ல துணி. பத்தரையிலேயே நின்றுவிட்டால், அந்தத் துணியில் தைத்த பேன்ட்டின் முழங்கால் ஒரே நாளில் உப்பிக்கொள்ளும். திரும்பி வரவைக்கிற வேலையைச் செய்வது ஸ்பாண்டெக்ஸ். சூடும் குளோரின் பிளீச்சும் அதைத்தான் முதலில் தாக்கும்.

நியோப்ரீனில் நுரை ரப்பர் தானாகவே நன்றாக இழுபடும். அதற்குக் கடிவாளம் போடுவது மேலே ஒட்டிய ஜெர்சி. அதனால்தான் ஒரே தடிமனில் ஒரு சூட் தளர்வாக வளைந்துகொடுக்கும், இன்னொன்று பலகை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் துணியே இல்லாமல் வழவழவென்று கறுப்பு ரப்பராக இருக்கும் வகையில் கவனம் வேண்டும். நகம் பட்டால் பிறை வடிவில் கிழியும். போடும்போதும் கழற்றும்போதும் விரலின் சதைப்பகுதியால் பிடித்து இழுங்கள்.

சூடு எங்கே தங்குகிறது

வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி, அதுதான் குளிரைத் தடுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். வேலையைச் செய்வது நுரையில் அடைபட்ட வாயு. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே உடலுக்கும் கடலுக்கும் நடுவே அசையாத வாயு அடுக்கு ஒன்று இருந்தால் போதும். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் வெட்சூட்டை உருவாக்கியபோது பிடித்துக்கொண்ட கருத்து இதுதான்: ஆள் நனைந்தாலும் பரவாயில்லை, துணிக்குள் வாயு இருந்தால் குளிராது. தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் அங்கேயே நிற்கிற வரை தொந்தரவில்லை. சூட் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் பழைய தண்ணீர் போய் புதுக் குளிர்நீர் வரும். அப்புறம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை.

வாயுவை நம்பி இருப்பதால் ஒரு எல்லையும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இரு மடங்கு. குமிழிகள் நசுங்கும், தகடு மெலியும், குளிர் தெரியும். மேலே வந்தால் திரும்ப உப்பிவிடும். ஆனால் வருடக்கணக்கில் நசுங்கி எழுந்த நுரை முழுதாக எழாது. முழங்காலையும் உட்காரும் இடத்தையும் கிள்ளிப் பார்த்து மார்புப் பகுதியோடு ஒப்பிட்டால், எங்கே நுரை இறந்துவிட்டது என்று விரலே சொல்லும். அதைத் துவைத்துச் சரிசெய்ய முடியாது.

தண்ணீருக்கு வெளியே அணியும்போது இதே குணம் எதிராகத் திரும்பும். வியர்வை வெளியேற வழி இல்லாததால் உள்ளே நனைந்துவிடும்.

ஸ்கூபா நிட் வேறு விதமாகப் புழுங்கும். அதில் அடைபட்ட வாயு இல்லை. வளையங்களுக்கு நடுவே கொஞ்சம் காற்று இருக்கிறது, காற்றடித்தால் அதுவும் போய்விடும். இருந்தும் அணிந்தவருக்கு வெப்பமாக இருப்பதற்குக் காரணம் ஈரம். சாதாரண அறைக்காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். உடலோடு ஒட்டிய நெருக்கமான பாலியஸ்டருக்கு அடியில் வியர்வை தோலிலேயே நிற்கும். குளிரூட்டிய அரங்கில் இரண்டு மணி நேரம் உட்கார இது அருமையான துணி. வெயிலில் நடக்க வேண்டாம். குளிர்காலக் கோட்டாகவும் இதை நம்ப வேண்டாம்; மேலே காற்று புகாத ஒன்றைப் போட்டால்தான் சூடு நிற்கும்.

நியோப்ரீனைத் துவைப்பது

நியோப்ரீனுக்குத் துவைப்பு என்பது பெரும்பாலும் அலசல்தான். ஆனால் அது கழற்றிய அன்றே நடக்க வேண்டும். கடல் உப்பு காய்ந்தால் ஜெர்சியின் இழைகளைச் சொரசொரப்பாக்கும், ஜிப்பை இறுக்கும். நீச்சல் குளத்துக் குளோரின் ரப்பரையும் நிறத்தையும் தின்னும்.

உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். வியர்வையும் தோல் எண்ணெயும் படிந்திருப்பது அங்கேதான். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். கையை விட்டால் குளிர்ச்சியாகவோ லேசான வெதுவெதுப்பாகவோ இருக்க வேண்டும், 30 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். சுடுதண்ணீர் அழுக்கை நன்றாக எடுக்கும் என்று தோன்றும். அது ஜெர்சியை நுரையோடு பிடித்திருக்கும் ஒட்டையும் இளக்கும். தண்ணீரில் வெட்சூட்டுக்கென்று விற்கும் ஷாம்பு, கிடைக்காவிட்டால் நிறமும் பிளீச்சும் சேராத மென்மையான திரவ சோப்பு, கொஞ்சமாகக் கலக்குங்கள். தொட்டியில் லேசாக நுரை தெரிந்தால் போதும்.

துணி மிதக்கும் என்பதால் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். கழுத்து, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களை உள்ளங்கையால் தேயுங்கள், பிரஷ் வேண்டாம். பிறகு தண்ணீரை மாற்றி, நுரை நிற்கும் வரை அலசுங்கள். சோப்பு தையலுக்குள் தங்கினால் அடுத்த முறை போடும்போது தோல் அரிக்கும். ஜிப்பின் பற்களை மட்டும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து உப்பை எடுத்துவிடுங்கள்.

முறுக்கிப் பிழியக்கூடாது. முறுக்கினால் நுரையில் மடிப்பு விழும், தையலை மூடிய ஒட்டு விடும். மேலிருந்து கீழாகக் கையால் வழித்துத் தண்ணீரை வடியுங்கள், அல்லது ஒரு தடித்த துண்டில் வைத்துத் தளர்வாகச் சுருட்டி அழுத்துங்கள்.

காயப்போடுவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஈரச் சூட்டை மெல்லிய கம்பி ஹேங்கரில் தோள்வழியாகத் தொங்கவிட்டால் எடை முழுவதும் தோளில் இறங்கி, அங்கே நிரந்தரமாக இழுத்துவிடும். இடுப்பில் பாதியாக மடித்து, கைப்பிடி அளவு தடிமனான கழியின் மேல் போடுங்கள். நிழலும் காற்றும் வேண்டும், வெயில் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும். உள்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். 5 மில்லிமீட்டர் சூட் முழுதாகக் காய ஒன்றிரண்டு நாளாகலாம். தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தையல் இடுக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ஈரம் இருக்கும்போது மடித்து வைத்தால்தான் அந்தப் புளித்த வாடை வரும். ஏற்கனவே வந்துவிட்டால் வாசனைத் திரவியம் அடிக்க வேண்டாம். இதே ஊறலை இன்னொரு முறை செய்து, இம்முறை முழுதாகக் காயவிடுங்கள்.

உலர்த்தி இயந்திரம், இஸ்திரி, பிளீச், துணி மென்மையாக்கி, ட்ரை கிளீனிங் ஐந்தும் கூடாது. ட்ரை கிளீனிங் கரைப்பான்கள் ரப்பரையே உப்ப வைக்கும். லேப்டாப் உறை போன்ற சிறு பொருட்களின் லேபிளில் மெஷினுக்கு அனுமதி இருக்கலாம். இருந்தாலும் ஐந்து நிமிடக் கைவேலைக்காக அந்த ஆபத்து தேவையில்லை. துணி நுரையிலிருந்து பிரிந்து கொப்புளம் போல எழும்பியிருந்தால் சூடோ கரைப்பானோ பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் தயோயூரியா வகை வேதிப்பொருட்களால் சிலருக்கு ஒவ்வாமை வரும். பட்டை படும் இடத்தின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் அது அழுக்கால் வந்தது என்று நினைத்து மேலும் மேலும் துவைக்க வேண்டாம். அணிவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கூபா நிட்டுக்கு ஒரு முழு உதாரணம்

இளநீல ஸ்கூபா நிட் கவுன் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் பாலியஸ்டர் 94, ஸ்பாண்டெக்ஸ் 6. தொட்டிப் படத்துக்குள் 30 என்ற எண். தொட்டியின் கீழே ஒரு கோடு, அதாவது மென்மையான ஓட்டம். சதுரத்துக்குள் வட்டம் போட்ட படம் அடிக்கப்பட்டிருக்கிறது, உலர்த்தி இயந்திரம் கூடாது. முன்பக்கம் ஒரு எண்ணெய்க் கறை, அக்குளில் லேசான வாடை.

கறையை முதலில் கவனிக்க வேண்டும். பாலியஸ்டர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். நனைக்காமல், ஒரு காகிதத் துண்டால் ஒற்றி மேலெழுந்த எண்ணெயை எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவத்தை ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் கறையின் வெளியிலிருந்து உள்ளே நோக்கித் தடவுங்கள். அழுத்தித் தேய்த்தால் இந்த வழவழப்பான முகப்பில் பஞ்சு எழும்பி, கறை போன இடம் மங்கலாகத் தெரியும். கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். ஈரத்தில் கறை தெரியாது. காய்ந்த பிறகே தீர்ப்பு. நிழல் போல மீதம் தெரிந்தால் மறுபடி செய்யலாம், ஆனால் அதுவரை சூடு காட்டக்கூடாது. சூடு பட்ட எண்ணெய்க் கறை பாலியஸ்டரை விட்டுப் போவது அரிது.

வாடைக்கு, கவுனை உள்பக்கம் வெளியே திருப்பி, திரவ சோப்புக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். அப்படியே ஜிப்பை மூடி, வலைப் பையில் போட்டு, மெஷினில் 30 டிகிரியில் மென்மையான ஓட்டம், குறைந்த சுழற்சி வேகம். கூடவே ஜீன்ஸ், கொக்கி வைத்த உள்ளாடை, ஒட்டுப்பட்டை உள்ள எதுவும் போகக்கூடாது. ஒரு இழை சிக்கி இழுத்தாலும் முகப்பில் கோடு விழும். பையை மூட்டை போல அடைக்காமல் டிரம்மில் பாதியாவது காலியாக விடுங்கள். துணி மென்மையாக்கி இங்கும் வேண்டாம். அது இழைமேல் ஒரு படலம் விட்டுப்போகும்; வாடை அந்தப் படலத்தில்தான் தங்கும்.

ஓட்டம் முடிந்ததும் உடனே எடுங்கள். நசுங்கிக் கிடந்து காய்ந்த மடிப்பு இந்தத் துணியில் பிடிவாதமாக நிற்கும். வெந்நீரில் துவைத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். இரண்டு கையாலும் தட்டி உருவத்தைச் சரிசெய்து, தண்ணீர் வடியும் வரை ஒரு துண்டின் மேல் கிடத்துங்கள். கனம் இறங்கிய பின் அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டலாம். பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்காததால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இஸ்திரி பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் வைத்து வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்க வேண்டாம். முதலில் ஓர மடிப்பில் சோதியுங்கள். அந்த இடம் கண்ணாடி போல மினுமினுத்தால் சூடு அதிகம் என்று பொருள்; அந்த மினுமினுப்பு திரும்பப் போகாது.

எடுத்து வைக்கும்போது கவுனை ஹேங்கரிலோ தளர்வாகச் சுருட்டியோ வைக்கலாம். நியோப்ரீனை மட்டும் மடிக்காமல், மேலே கனம் ஏற்றாமல், தட்டையாக விரித்தோ அகலமான ஹேங்கரில் மாட்டியோ வையுங்கள். காய்ந்த பிறகு தோளில் மாட்டுவதில் தவறில்லை, ஏனென்றால் இப்போது அதில் தண்ணீரின் எடை இல்லை.